வாடகைக்குக் கிரெடிட் கார்டு: பாயிண்டில் வருவதும் கட்டணத்தில் போவதும்

சில ஆண்டுகளாக வாடகையைக் கிரெடிட் கார்டில் கட்டிப் பார்த்துவருகிறேன். தொடக்கத்தில் மாதாமாதம் கட்டினேன். இப்போது ஆண்டில் ஓரிரு முறை மட்டும், அதுவும் ஒரு குறிப்பிட்ட தேவைக்காக மட்டும் கட்டுகிறேன். இந்த மாற்றத்துக்குக் காரணம் ஒரு சின்னக் கணக்கு. அதைத்தான் இங்கே விரிவாக எழுதப் போகிறேன்.

முதலில் பணம் போகும் வழியைச் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்காரரிடம் கார்டு தேய்க்கும் இயந்திரம் இருக்காது. அதனால் நடுவில் ஒரு வாடகைக் கட்டணத் தளம் வருகிறது. நாம் கார்டில் தளத்துக்குக் கட்டுகிறோம், தளம் அந்தத் தொகையை வீட்டுக்காரரின் வங்கிக் கணக்கில் போடுகிறது. கார்டில் பணம் வாங்குவதற்குத் தளத்துக்கே செலவு உண்டு. அந்தச் செலவையும் தன் லாபத்தையும் சேர்த்து நம்மிடம் சேவைக் கட்டணமாக வாங்கிக்கொள்கிறது. கடையில் கார்டு தேய்க்கும்போது இந்தச் செலவு கடைக்காரர் தலையில் விழும், நமக்குப் பாயிண்ட் மட்டும் கிடைக்கும். வாடகையில் வீட்டுக்காரர் ஒரு பைசா குறைத்துக்கொள்ள மாட்டார், ஆகவே முழுச் செலவும் நம் தலையில். இந்த ஒரு வித்தியாசத்தைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் எளிது.

வாடகை 10,000 என்று வைத்துக்கொள்வோம். எந்த நாணயமானாலும் கணக்கு ஒன்றுதான். தளத்தின் கட்டணம் 1.5 சதவீதம் என்றால் 150. பல இடங்களில் இந்தக் கட்டணத்தின் மேல் வரியும் உண்டு. அது 10 சதவீதம் என்று வைத்தால் இன்னொரு 15. ஆக 165 கையைவிட்டுப் போகிறது. பதிலுக்குக் கார்டு 50-க்கு ஒரு பாயிண்ட் வீதம் 200 பாயிண்ட் தருகிறது. திரையில் 200 என்று பார்க்கும்போது 165-ஐவிட அதிகம் போலத் தெரியும். ஆனால் அந்தப் பாயிண்டைக் கார்டு பில்லில் கழித்துக்கொண்டால் ஒவ்வொன்றுக்கும் 0.25 மட்டுமே மதிப்பு என்றால், கைக்கு வருவது 50. விமான டிக்கெட்டுக்கு மாற்றினால் 0.50 கிடைக்கிறது என்றாலும் 100 தான். முதல் வழியில் 115 நஷ்டம், இரண்டாவது வழியில் 65 நஷ்டம். இந்தக் கார்டில் வரவும் செலவும் சமமாக வேண்டுமென்றால் ஒரு பாயிண்டின் மதிப்பு 0.825 ஆக இருக்க வேண்டும். சாதாரணக் கார்டு எதிலும் நான் அந்த மதிப்பை எட்டியதில்லை.

இதற்கு மேல் ஒரு கட்டணம் இருக்கிறது, பலர் அதைக் கவனிப்பதில்லை. தளத்தின் கட்டணம் பணம் கட்டும் பக்கத்திலேயே தெரிந்துவிடும். ஆனால் கார்டு கொடுத்த வங்கியும் வாடகைப் பரிவர்த்தனைக்கு என்று தனியாக ஒன்று போடுவதுண்டு. அது கட்டும்போது எங்கும் தெரியாது. மாதக் கடைசியில் ஸ்டேட்மென்ட் வரும்போதுதான் தெரியும். என் ஸ்டேட்மென்ட்டில் அது வாடகைப் பதிவுக்கு அடுத்ததாகக்கூட இருக்காது. வாடகை ஒரு பக்கம், நாலைந்து நாள் தள்ளி இன்னொரு தேதியில் கட்டணம், அதற்குக் கீழே அந்தக் கட்டணத்துக்கான வரி என்று சிதறிக் கிடக்கும். மொத்தத்தை மட்டும் பார்த்துப் பில் கட்டுகிறவர் கண்ணில் படவே படாது. மேலே சொன்ன கணக்கில் வங்கி 1 சதவீதம் போட்டால் 100, வரியோடு 110. மொத்தச் செலவு இப்போது 275. ஒரு பாயிண்டுக்கு முழு 1 மதிப்பு கிடைக்கும் உயர்ரகக் கார்டாக இருந்தாலும் 200 வரவு, 275 செலவு.

வங்கிக்கு இது வாடகை என்று எப்படித் தெரிகிறது? பணம் வாங்கும் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் நான்கு இலக்க வணிக வகைக் குறியீடு ஒன்று உண்டு. எம்.சி.சி. என்று சொல்வார்கள். ஐ.எஸ்.ஓ. 18245 என்ற சர்வதேசத் தரத்தில் இந்தப் பட்டியல் இருக்கிறது. வீட்டு வாடகை, சொத்து நிர்வாகம் ஆகியவற்றுக்கு 6513. வங்கியின் கணினி இந்த எண்ணைப் பார்த்துத்தான் பாயிண்ட் தருவதா, கட்டணம் போடுவதா என்று முடிவு செய்கிறது. நாம் எதற்காகப் பணம் கட்டினோம் என்பதை அது பார்ப்பதில்லை. தளம் தன் பணப் பரிமாற்ற ஏற்பாட்டை மாற்றிக்கொண்டால் அதே வாடகை வேறொரு எண்ணில் பதிவாகலாம். 4829 என்பது பணம் அனுப்பும் சேவைக்கான எண். அதில் பதிவானால் சில வங்கிகள் அதை ரொக்கம் எடுத்ததாகவே கணக்கில் கொள்ளும். அப்படி ஆனால் பாயிண்ட் கிடைக்காது, ரொக்கக் கட்டணம் உண்டு, வட்டியும் முதல் நாளிலிருந்தே ஓடத் தொடங்கும். கிரெடிட் கார்டில் இதைவிட விலை உயர்ந்த பணம் கிடையாது.

நான் பயன்படுத்திய கார்டு ஒன்றில் ஒரு மாதம் வாடகைக்கான பாயிண்ட் வரவில்லை. வாடிக்கையாளர் சேவையை அழைத்தேன். "சார், போன மாசம் வரைக்கும் வேற கேட்டகரில வந்திருக்கு, இந்த மாசம் 6513. அதுக்கு நம்ம கார்டுல பாயிண்ட் கிடையாது" என்றார் எதிர்முனையில் இருந்த பெண். "ஏங்க, எனக்கு முன்கூட்டியே தெரிய வழி இருக்கா?" என்று கேட்டேன். "பேமென்ட் பதிவானதுக்கு அப்புறம்தான் சார் எங்களுக்கே தெரியும்" என்றார். அவர் சொன்னது உண்மை. கட்டுவதற்கு முன் யாரும் உறுதி தர முடியாது. அதனால் புதிய தளம், புதிய கார்டு எதுவானாலும் முதலில் ஒரு சிறு தொகையை மட்டும் அனுப்பிப் பார்க்கிறேன். வாடகையில் ஒரு பங்கை மட்டும் கட்ட அனுமதிக்கும் தளங்களில் இது எளிது. அந்தப் பரிவர்த்தனை பதிவான பிறகு வங்கியை அழைத்து எந்த எண்ணில் வந்திருக்கிறது என்று கேட்பேன். அடுத்த ஸ்டேட்மென்ட்டில் பாயிண்டும் கட்டணமும் எப்படி வருகின்றன என்று பார்ப்பேன். பெரிய தொகை அதற்குப் பிறகுதான்.

"ஒன்றரை மாதம் வட்டியில்லாமல் பணம் கையில் இருக்கிறதே, அது லாபமில்லையா?" என்று நண்பர்கள் கேட்பார்கள். கணக்குப் போட்டால் பதில் வந்துவிடும். ஆண்டுக்கு 4 சதவீதம் வட்டி தரும் சேமிப்புக் கணக்கில் 10,000-ஐ 45 நாள் வைத்தால் கிடைப்பது சுமார் 49. அதற்காக 165 கொடுப்பதில் பொருளே இல்லை.

அப்படியானால் இப்போதும் ஏன் ஓரிரு முறை கட்டுகிறேன்? இலக்குப் பரிசுக்காக. பல கார்டுகளில் முதல் சில மாதங்களுக்குள் இவ்வளவு செலவு செய்தால் வெல்கம் போனஸ் என்றோ, ஆண்டுக்குள் இவ்வளவு எட்டினால் ஆண்டுக் கட்டணம் தள்ளுபடி என்றோ ஒரு கோடு இருக்கும். கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றால் ஒன்றும் இல்லை, தாண்டினால் மொத்தமாக வரும்.

மூன்று மாதத்தில் 60,000 செலவு செய்தால் 3,000 மதிப்புள்ள போனஸ் என்று ஒரு கார்டு. என் வழக்கமான செலவு அந்த மூன்று மாதத்தில் 45,000 வரை போகும். துண்டு விழுவது 15,000. அந்தத் தொகையை வாடகையாகக் கட்டினால் தளக் கட்டணம் வரியோடு 247.50. வங்கியின் தனிக் கட்டணமும் இருந்தால் வரியோடு இன்னும் 165. மொத்தம் 412.50 கொடுத்து 3,000 வாங்குகிறேன். வாடகைக்குப் பாயிண்டே கிடைக்காவிட்டாலும் இது நல்ல பேரம்.

இதிலும் எவ்வளவு கட்டுகிறோம் என்பது முக்கியம். முதல் மாதம் முழு வாடகை 10,000. இரண்டாம் மாதம் 5,000 மட்டும் கார்டில், மீதி 5,000 வழக்கம்போல் வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாக. கோட்டைத் தாண்டிய பிறகு கார்டில் கட்டும் ஒவ்வொரு 5,000-க்கும் 137.50 வீணாகப் போகும், அதற்கு ஈடாக எதுவும் வராது. "எப்படியும் கட்டுகிறோமே, முழுசாகவே கட்டிவிடலாம்" என்று தோன்றும் இடம் இதுதான். அங்கே நிறுத்த வேண்டும்.

அதற்கும் முன்னால் இரண்டு விஷயம் பார்க்கிறேன். ஒன்று, கட்டணமே இல்லாமல் அந்தத் துண்டை அடைக்க வழி இருக்கிறதா? அடுத்த மாதம் வரவேண்டிய காப்பீட்டுப் பிரீமியத்தை இந்த மாதமே கட்டிவிட முடிந்தால் 412.50 மிச்சம். இரண்டாவது, வாடகை அந்த இலக்கில் சேருமா? பாயிண்ட் தராத வங்கிகள் பல, இலக்குக் கணக்கிலும் வாடகையைச் சேர்ப்பதில்லை. பாயிண்ட் இல்லை ஆனால் இலக்கில் சேரும் என்று வைத்திருப்பவர்களும் உண்டு. விதிமுறை ஆவணத்தில் இரண்டும் வேறு வேறு பத்தியில் இருக்கும், இரண்டையும் படிக்க வேண்டும். இலக்கில் சேராது என்று ஒரு வரி இருந்தால் மேலே போட்ட கணக்கு முழுக்கக் கவிழ்ந்துவிடும்.

பில்லை முழுமையாகக் கட்ட முடியாத மாதத்தில் இதை நினைத்தே பார்க்கக் கூடாது என்பது என் திடமான கருத்து. வாடகை பெரிய தொகை, கார்டில் ஏறியதும் பில் திடீரென்று இரட்டிப்பாகிவிடும். மாதத்துக்கு 3 சதவீத வட்டி என்றால் 10,000 பாக்கிக்கு ஒரே மாதத்தில் 300. இதைவிடக் கெடுதல், பாக்கி இருக்கும்வரை புதிதாக வாங்கும் பொருள்களுக்கும் வட்டியில்லாக் காலம் பல கார்டுகளில் ரத்தாகிவிடும். அரிசி பருப்பு வாங்கினாலும் அன்றிலிருந்தே வட்டி. அதனால் வாடகைக்கான பணத்தைக் கார்டில் கட்டும் அன்றே வேறொரு கணக்கில் ஒதுக்கிவைத்து, கெடு தேதிக்குத் தானாகக் கழியும்படி செய்துவிடுகிறேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சிலர் உறவினர் ஒருவரை வீட்டுக்காரராகப் பதிவுசெய்து, கார்டில் அனுப்பிய பணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்கிறார்கள். வங்கிகள் வாடகைக்குத் தனிக் கட்டணம் கொண்டுவந்ததற்கு இந்தப் பழக்கமும் ஒரு காரணம். கண்டுபிடித்தால் பாயிண்டைப் பறிப்பதோடு கார்டையும் முடக்குவார்கள். ஒப்பந்தம் கேட்கும் தளத்துக்கு உண்மையான வாடகை ஒப்பந்தத்தைக் கொடுத்துவிடுவதே நிம்மதி.

தேதி விஷயத்தில் நான் கறாராக இருக்கிறேன். தளத்திலிருந்து பணம் வீட்டுக்காரருக்குப் போய்ச் சேர ஓரிரு வேலை நாள் ஆகலாம், நடுவில் விடுமுறை வந்தால் இன்னும் தள்ளும். வீட்டுக்காரர் தாமதக் கட்டணம் கேட்டால் அதுவும் நம் செலவுக் கணக்கில்தான் ஏறும். கணக்கு எண் பொருந்தாமல் பணம் திரும்பி வந்தால் வாடகை மட்டும் கார்டில் வரவாகும், சேவைக் கட்டணம் திரும்பும் என்று சொல்ல முடியாது. அந்த வரவு இலக்குக் கணக்கிலிருந்தும் கழிந்துவிடும். கடைசி நாளில் இப்படி நடந்தால் மறுபடி கட்டுவதற்குள் கெடு முடிந்திருக்கும். இலக்குக்காகக் கட்டுவதைக் கெடுவுக்குப் பத்து நாள் முன்பே முடித்துவிடுகிறேன். வீட்டுக்காரரிடம் "பணம் வந்திருச்சுங்களா?" என்று கேட்டு உறுதிசெய்த பிறகு, செலவுத் தொகை ஸ்டேட்மென்ட்டில் பதிவாகியிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்கிறேன்.