சரிவுக்குக் காப்பு: VXX வாங்கி வைப்பதா, இண்டெக்ஸ் புட் வாங்குவதா?

எஸ் அண்ட் பி 500 இண்டெக்ஸ் ஃபண்டில் பெரும்பகுதிப் பணத்தை வைத்திருப்பவருக்கு, பெரிய சரிவு வந்தால் எது கொஞ்சமாவது தாங்கிப் பிடிக்கும் என்ற கேள்வி ஒரு கட்டத்தில் வந்துவிடும். அமெரிக்கச் சந்தையில் இதற்கு இரண்டு வழிகள் எளிதில் கண்ணில் படும். ஒன்று, VXX, VIXY, UVXY போல, விக்ஸ் எனும் சந்தைப் பதற்றக் குறியீடு ஏறும்போது ஏறும் பொருட்களைப் பங்கு போலவே வாங்கி வைப்பது. மற்றது, இண்டெக்ஸ் ஒரு குறிப்பிட்ட நிலைக்குக் கீழே போனால் பணம் தரும் புட் ஆப்ஷன் வாங்குவது. நான் தேர்ந்தெடுத்தது புட். ஆகவே இந்த அலசல் அந்தப் பக்கம்தான் சாயும்.

வசதி என்று பார்த்தால் VXX-க்குத்தான் முதலிடம். சாதாரணக் கணக்கிலேயே வாங்கலாம், புட் போல சில மாதங்களில் காலாவதியாகும் எக்ஸ்பைரி கிடையாது, காப்பு தொடங்கும் நிலையான ஸ்ட்ரைக்கைத் தேர்வு செய்ய வேண்டாம். புட் வாங்க ஆப்ஷன் அனுமதி வேண்டும், கொஞ்சம் கணக்கும் வேண்டும். சந்தை அமைதியாக இருந்தால் இரண்டிலுமே பணம் கரையும். காப்புக்கு விலை உண்டு, அதில் சண்டை இல்லை. அந்த விலை எப்படி வசூலிக்கப்படுகிறது என்பதில்தான் இரண்டும் பிரிகின்றன.

விக்ஸ் என்பது ஆப்ஷன் விலைகளிலிருந்து கணக்கிடப்படும் ஓர் எண். அதை யாரும் வாங்கி வைத்திருக்க முடியாது. வாங்கக் கூடியது, பின்னொரு தேதியில் விக்ஸ் எங்கே நிற்கும் என்பதன் மேல் போடும் ஒப்பந்தமான விக்ஸ் ஃபியூச்சர்ஸ். VXX பின்தொடர்வது, அருகிலுள்ள இரண்டு மாத ஃபியூச்சர்ஸைக் கலந்து, சராசரி ஆயுள் எப்போதும் ஒரு மாதமாக இருக்கும்படி வைத்துள்ள ஒரு கூடையை. நாள் நகர நகர ஆயுள் குறையுமல்லவா? அதைச் சரிக்கட்ட, தினமும் முதல் மாதத்தில் கொஞ்சம் விற்று இரண்டாம் மாதத்தில் கொஞ்சம் வாங்க வேண்டும். இதுதான் ரோல்.

அமைதியான காலத்தில் விக்ஸைவிட முதல் மாத ஃபியூச்சர் விலை அதிகமாகவும், அதைவிட இரண்டாம் மாத விலை அதிகமாகவும் இருக்கும். இந்த ஏறுவரிசைக்குத்தான் கான்டாங்கோ என்று பெயர். "மலிவாக விற்று விலை கூடியதை வாங்குவதால் நஷ்டம்" என்று பலர் விளக்குகிறார்கள். அது முழுக்கச் சரியில்லை. விற்ற பணத்துக்கு ஈடான மதிப்பில்தான் அடுத்த மாதத்தை வாங்குகிறீர்கள். எண்ணிக்கை குறையும், ஆனால் அந்தக் கணத்தில் மதிப்பு குறையாது. நஷ்டம் அதற்குப் பிறகுதான் வருகிறது. வாங்கிய ஃபியூச்சர் எக்ஸ்பைரியை நெருங்க நெருங்க அதன் விலை விக்ஸை நோக்கி இறங்குகிறது. ரோல் செய்வது, நீங்கள் மறுபடியும் மறுபடியும் அந்தச் சரிவின் மேல்பகுதிக்குப் போய் நிற்கும் செயல், அவ்வளவுதான்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். விக்ஸ் 14.6, ஒரு மாத ஃபியூச்சர் 16, இரண்டு மாத ஃபியூச்சர் 17.4 என்று வைத்துக்கொள்வோம். அடுத்த ஒரு மாதம் சந்தையில் எதுவுமே மாறவில்லை, அதே விக்ஸ், அதே வரிசை. இருந்தாலும் 17.4-க்கு வாங்கியது 16-க்கு வந்திருக்கும், 16-க்கு வாங்கியது 14.6-க்கு வந்திருக்கும். இரண்டையும் கலந்த கூடையில் இழப்பு ஏறக்குறைய 8.4 சதவீதம். ஒரே ஒரு மாதத்துக்கு, எதுவும் நடக்காததற்கு! இதே நிலை 12 மாதம் நீடித்தால் 100 டாலர் சுமார் 35 டாலராகிவிடும். இந்தச் சாய்வு எப்போதும் இதே அளவில் இருக்காது. பாதியாகக்கூட இருக்கும், சில சமயம் தலைகீழாகவும் திரும்பும். 2008-இன் கடைசி மாதங்களிலும் 2020 மார்ச்சிலும் முதல் மாதம் இரண்டாம் மாதத்தைவிட விலை கூடியிருந்தது. அப்போது இதே ரோல் வைத்திருப்பவருக்குச் சாதகமாக வேலை செய்யும். ஆனால் நாட்காட்டியில் பெரும்பாலான நாட்கள் ஏறுவரிசை நாட்கள்தான். விலை மிகவும் தேய்ந்து, பல யூனிட்களை ஒன்றாக்கும் ரிவர்ஸ் ஸ்ப்ளிட்டை VXX திரும்பத் திரும்பச் செய்ய வேண்டி வந்ததற்கும் காரணம் இதுவே. இரண்டு மடங்கு லிவரேஜ் கொண்டிருந்த TVIX-இன் ஆவணத்தில், நீண்ட காலத்தில் எதிர்பார்க்கத்தக்க மதிப்பு பூஜ்யம் என்று வெளியிட்ட வங்கியே எழுதிவைத்திருந்தது. இவ்வளவு நேர்மையான எச்சரிக்கையை நிதி ஆவணங்களில் அடிக்கடி பார்க்க முடியாது.

சரி, புட்டுக்கு வருவோம். 1,00,000 டாலர் இண்டெக்ஸ் ஃபண்ட் இருக்கிறது, இண்டெக்ஸ் 5000-இல் நிற்கிறது. XSP என்பது எஸ் அண்ட் பி 500-இன் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள ஆப்ஷன். ஒரு கான்ட்ராக்ட் 50,000 டாலரைக் காக்கும், ஆகவே இரண்டு போதும். 10 சதவீதம் கீழே, அதாவது 450 ஸ்ட்ரைக்கில், மூன்று மாத புட் எடுக்கிறோம். ஆப்ஷன் விலையில் பொதிந்திருக்கும் ஏற்ற இறக்க எதிர்பார்ப்பான இம்ப்ளைடு வோலட்டிலிட்டி 22 சதவீதம் என்றால், மாடல் கணக்கில் ஒரு கான்ட்ராக்டுக்குச் சுமார் 410 டாலர் வரும். இரண்டுக்கும் 820. காலாண்டுதோறும் புதுப்பித்தால் ஆண்டுக்கு 3,280, அதாவது 3.3 சதவீதம்.

இது மலிவு இல்லை. ஆனால் ஒவ்வொரு காலாண்டின் செலவும் வாங்கும்போதே தெரிந்துவிடுகிறது. புட்டுக்குக் கொடுத்த விலையான பிரீமியத்துக்கு மேல் ஒரு காசு போகாது, எந்த நிலைக்குக் கீழே காப்பு தொடங்குகிறது என்பது கான்ட்ராக்டிலேயே எழுதியிருக்கிறது. VXX-இல் பிரீமியம் என்ற பெயரில் யாரும் எதையும் கேட்பதில்லை. ஃபியூச்சர் விற்பவரும் சும்மா விற்கவில்லை. அவர் கேட்கும் கட்டணம்தான் அந்த 14.6-க்கும் 17.4-க்கும் உள்ள இடைவெளி. எந்த வரியிலும் அச்சாகாமல் நாளுக்கு நாள் மதிப்பிலிருந்து கழிகிறது. என் தேர்வைத் தீர்மானித்தது இதுதான். பராமரிப்புச் செலவு தெரியாத ஒன்றை, எத்தனை காலம் தேவைப்படும் என்று தெரியாத ஒரு வேலைக்கு வாங்கி வைக்க எனக்கு மனம் வரவில்லை.

அதே செலவுக்கு இரண்டையும் நிறுத்திப் பார்க்கலாம். மேலே சொன்ன சாய்வில், 3,250 டாலர் VXX-ஐ மாதாமாதம் கரைந்ததை நிரப்பி வைத்திருந்தால் ஆண்டுக்கு ஏறக்குறைய அதே 3,280 போகும். இப்போது 2020-ஐ எடுத்துக்கொள்வோம். பிப்ரவரி 19-இல் 3386-இல் இருந்த இண்டெக்ஸ் மார்ச் 23-இல் 2237-இல் முடிந்தது, 34 சதவீத வீழ்ச்சி. VXX நான்கு மடங்குக்கு மேல் போனது. 3,250 டாலர் போட்டவருக்கு உச்சத்தில் 10,000-ஐ ஒட்டி அல்லது சற்று மேலே லாபம். 10 சதவீதம் கீழே வாங்கிய புட்டில், ஸ்ட்ரைக்குக்கும் இண்டெக்ஸுக்கும் உள்ள வித்தியாசமான உள்ளார்ந்த மதிப்பே 1,00,000 டாலருக்கு 24,000 டாலர் அளவு இருந்தது.

2022 வேறு மாதிரி. இண்டெக்ஸ் 4766-இலிருந்து 3840-க்கு வந்தது, 19 சதவீதத்துக்கு மேல் இழப்பு. ஆனால் மெல்ல மெல்ல இறங்கியதால் விக்ஸ் பெரிதாகத் துள்ளவே இல்லை, ஆண்டு முழுதும் ஒரு நாள்கூட 40-ஐத் தாண்டி முடியவில்லை. VXX வைத்திருந்தவர் பங்கிலும் இழந்தார், காப்பிலும் இழந்தார். புட் சாகசம் செய்தது என்றும் சொல்ல மாட்டேன். காலாண்டு முடிவுகளை வைத்துப் பார்த்தால், 16 சதவீதம் விழுந்த இரண்டாம் காலாண்டில் மட்டும் 10 சதவீத புட் சுமார் 6 சதவீதம் தந்திருக்கும். மற்ற மூன்றிலும் பூஜ்யம். அந்த ஆண்டு பிரீமியங்களும் உயர்ந்திருந்தன, ஆகவே செலவு போக மிச்சம் கொஞ்சம்தான். இருந்தாலும் புட் இண்டெக்ஸின் நிலைக்குப் பணம் தருகிறது, VXX பதற்றத்தின் விலைக்குப் பணம் தருகிறது. என்னிடம் இருப்பதோ இண்டெக்ஸ்.

பதற்றம் வந்தாலும் அது முழுதாகக் கைக்கு வராது. 2024 ஆகஸ்ட் 5 காலையில் விக்ஸ் 65-ஐத் தொட்டது. ஃபியூச்சர்ஸ் அதற்குப் பக்கத்தில்கூடப் போகவில்லை, மாலைக்குள் விக்ஸே 38.57-க்கு வந்துவிட்டது. திரையில் 65 தெரியும்போது VXX ஏன் அந்த வேகத்தில் ஏறவில்லை என்று கேட்பவர், கூடையில் இருப்பது விக்ஸ் அல்ல, ஃபியூச்சர்ஸ் என்பதை மறந்துவிடுகிறார்.

புட்டின் குறைகளில் எனக்குப் பெரிதாகப் படுவது இரண்டு. முதலாவது, ஸ்ட்ரைக் பின்தங்கிப் போவது. 5000-இல் 4500 ஸ்ட்ரைக் வாங்கிய பிறகு இண்டெக்ஸ் 5400-க்குப் போய்விட்டால், காப்பு தொடங்குமிடம் 10 சதவீதம் அல்ல, 17 சதவீதம் கீழே. VXX-இல் இந்தத் தொல்லை கிடையாது, அது இன்றைய நிலையிலிருந்தே வேலை செய்யும். அதனால் எக்ஸ்பைரிக்கு ஒரு மாதம் இருக்கும்போதே பழைய புட்டை விற்றுப் புதிய ஸ்ட்ரைக்குக்கு மாறிவிடுவது என் வழக்கம். கடைசி வாரங்களின் வேகமான தேய்மானமும் அதில் தப்பும். இரண்டாவது, எப்போது விற்பது. 2020-இல் அந்த 24,000 டாலர் புட்டை மே 15 எக்ஸ்பைரி வரை பிடித்திருந்தால், இண்டெக்ஸ் 2864-க்கு மீண்டுவிட்டதால் சுமார் 5,400 டாலர்தான் கிடைத்திருக்கும். நான் வைத்திருக்கும் விதி, புட்டின் மதிப்பு போட்டதைப் போல எட்டு மடங்கானால் பாதியை விற்பது. இது என் பிடித்தம் மட்டுமே. 2000 முதல் 2002 வரை போல ஆண்டுக்கணக்கில் இழுக்கும் வீழ்ச்சியை நான் புட் கையில் வைத்துக் கடந்ததில்லை, அங்கே இந்த விதி எப்படித் தாங்கும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

VXX-க்கும் ஓர் இடம் உண்டு. சில நாட்களுக்கான பந்தயமாக, வெளியேறும் தேதியை முன்பே குறித்துக்கொண்டு வாங்கினால் ரோல் அதிகம் கடிக்காது. வாங்கும் முன் முதல் இரண்டு மாத ஃபியூச்சர்ஸின் விலையை M1, M2 என எடுத்து இதைப் போட்டுப் பாருங்கள்:

```
(M2 − M1) / M1
```

8 சதவீதம் என்று வந்தால், வரிசை அப்படியே நின்றால் மாதத்துக்குப் போகக் கூடியது கிட்டத்தட்ட அவ்வளவு. அந்த எண்ணை VXX-இல் போடும் டாலரால் பெருக்கி, மூன்று மாதத்துக்காக மும்மடங்காக்கி, அதே தொகைக்கு மூன்று மாத புட் எந்த ஸ்ட்ரைக்கில் கிடைக்கிறது என்று ஆப்ஷன் பட்டியலில் பாருங்கள். எதிர்மறையாக வந்தால் ரோல் உங்கள் பக்கம் இருக்கிறது. ஆனால் அந்த எண் எதிர்மறையாகும் நாளில் சந்தை பெரும்பாலும் ஏற்கெனவே விழ ஆரம்பித்திருக்கும், VXX-உம் புட்டும் இரண்டுமே விலை ஏறியிருக்கும்.