நான்கு இயந்திரமா, இரண்டு இயந்திரமா: ஒரு தீர்மான மரக் கணக்கு

முதலீட்டு முடிவுகள் குறித்த பாடத்தில் ஆண்டுதோறும் நான் கரும்பலகையில் எழுதும் கணக்கு இது. எண்கள் வகுப்புக்காக அமைத்தவை. ஆனால் முதலாளி படும் குழப்பம் உண்மையானது.

திருப்பூரில் கூலிக்குத் துணி பின்னிக் கொடுக்கும் ஒரு சிறு நிட்டிங் கூடத்தின் உரிமையாளரிடம் 40 லட்சம் ரூபாய் சேமிப்பு இருக்கிறது. அவர் முன் மூன்று வழிகள் உள்ளன. 40 லட்சத்தையும் போட்டு இப்போதே நான்கு பின்னல் இயந்திரங்கள் வாங்குவது முதல் வழி. 22 லட்சத்துக்கு இரண்டு இயந்திரங்கள் மட்டும் வாங்கி ஓராண்டு ஓட்டிப் பார்ப்பது இரண்டாவது. ஆர்டர் நன்றாக வந்தால் மேலும் 20 லட்சம் போட்டு இன்னும் இரண்டு வாங்கிக்கொள்ளலாம். பணத்தை வங்கி வைப்பில் போட்டுவிடுவது மூன்றாவது. அடுத்த சில ஆண்டுகளில் ஆர்டர் மிகுதியாக இருக்கும் என்பதற்கான நிகழ்தகவு 0.6, மந்தமாக இருக்கும் என்பதற்கு 0.4 என்று அவர் கணிக்கிறார்.

கீழே வரும் தொகைகள் அனைத்தும் வங்கி வைப்பு வட்டி விகிதத்தில் தள்ளுபடி செய்து இன்றைய மதிப்புக்குக் கொண்டுவரப்பட்டவை. ஆகவே வங்கியில் போடும் ஒவ்வொரு ரூபாயின் இன்றைய மதிப்பும் அதே ஒரு ரூபாய்தான். மூன்றாவது வழியின் நிகர மதிப்பு பூஜ்யம். இரண்டாவது வழியில் மிச்சமாகும் 18 லட்சம் வைப்பில் கிடந்தாலும் அது ஒப்பீட்டைப் பாதிக்காததற்குக் காரணம் இதுவே.

முடிவுகளையும் நிகழ்வுகளையும் கிளைகளாக வரைந்து காட்டும் படமே தீர்மான மரம். முதல் வழியின் மரம் எளிது. முடிவைக் குறிக்கும் சதுரத்திலிருந்து ஒரு கிளை புறப்பட்டு, நம் கையில் இல்லாத நிகழ்வைக் குறிக்கும் வட்டத்தில் முடிகிறது. வட்டத்திலிருந்து இரண்டு கிளைகள் பிரிகின்றன. ஆர்டர் மிகுந்தால் 90 லட்சம் வரவு, மந்தமானால் 15 லட்சம். ஒவ்வொரு வரவையும் அதன் நிகழ்தகவால் பெருக்கிக் கூட்டி, முதலீட்டைக் கழித்தால் கிடைப்பது எதிர்பார்ப்புப் பண மதிப்பு:

0.6 × 90 + 0.4 × 15 − 40 = 20 லட்சம்

இரண்டாவது வழியில்தான் வகுப்பு தடுமாறுகிறது. மந்தமானால் வரவு 24 லட்சம். அது ஒரே எண். ஆர்டர் மிகுந்தாலோ, இரண்டு இயந்திரங்களோடு நின்றால் 45 லட்சமும், மேலும் இரண்டு வாங்கினால் 75 லட்சமும் வரும். (நான்கு இயந்திரங்களாகிவிட்ட பிறகும் 90 வராததற்குக் காரணம், காத்திருந்த ஓராண்டில் கைவிட்டுப் போன ஆர்டர்கள்.) இந்த இடத்தில் பல மாணவர்கள் வட்டம் வரைந்து, விரிவாக்கத்துக்கு 0.5, நிறுத்தத்துக்கு 0.5 என்று போடுகிறார்கள். கடந்த ஆண்டு ஒரு மாணவி அப்படியே வரைந்துவிட்டுப் பலகையைச் சற்று நேரம் பார்த்தபடி நின்று, வட்டத்தை அழித்துச் சதுரமாக்கினார். "இதை முடிவு செய்பவர் அவர்தானே, சார்?" என்றார். சரியான கேள்வி. விரிவாக்குவதா வேண்டாமா என்பது சந்தை தீர்மானிப்பதன்று, உரிமையாளர் தீர்மானிப்பது. தன் முடிவுக்குத் தானே நிகழ்தகவு போட்டுக்கொள்வதில் பொருளில்லை.

மரத்தை வலது ஓரத்திலிருந்து இடப்புறமாக மதிப்பிட்டு வருகிறோம். வட்டத்தில் சராசரி எடுக்கிறோம்; சதுரத்தில் பெரியதை வைத்துக்கொண்டு மற்றதை வெட்டிவிடுகிறோம். விரிவாக்கினால் 75 − 20 = 55, நிறுத்தினால் 45; எனவே 45 வெட்டப்படுகிறது.

0.6 × 55 + 0.4 × 24 − 22 = 20.6 லட்சம்

அரைக்கு அரை என்று வட்டம் போட்டவருக்கு அந்த இடத்தில் 50 வரும், மொத்தம் 17.6 ஆகும். விரிவாக்க வாய்ப்பையே மறந்தவருக்கு 14.6. இருவருமே முதல் வழியைத் தேர்ந்தெடுப்பார்கள், இருவர் விடையும் தவறு. 14.6 என்பதற்கும் 20.6 என்பதற்கும் இடையிலுள்ள 6 லட்சம், பொறுத்திருந்து முடிவெடுக்கும் உரிமையின் விலை. ஜான் மெகீ 1964-இல் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூவில் தீர்மான மரத்தை மேலாளர்களுக்கு விளக்கியபோது, பெரிய ஆலையா, சிறிய ஆலை கட்டிப் பின்பு விரிவாக்குவதா என்ற இதே வகைக் கேள்வியைத்தான் எடுத்துக்கொண்டார்.

ஆனால் 20.6 என்பது 20-ஐ விடப் பெரியது என்பதோடு கணக்கை முடிப்பவருக்கு நான் முழு மதிப்பெண் தருவதில்லை. இந்த இடைவெளி, 0.6 என்ற கணிப்பைச் சார்ந்து நிற்கிறது. அது அளந்து கண்ட எண்ணன்று, உரிமையாளரின் அனுபவம் சொன்ன எண். அதை p என்று வைத்தால் முதல் வழி 75p − 25 ஆகவும், இரண்டாவது 31p + 2 ஆகவும் சுருங்கும். இரண்டும் சமமாவது p ஏறத்தாழ 0.61 ஆகும்போது. அதாவது உரிமையாளர் தன் கணிப்பை 0.6-இலிருந்து 0.62-க்கு உயர்த்தினாலே முடிவு மாறிவிடும், யாராலும் இவ்வளவு நுண்ணியமாகக் கணிக்க முடியாது. ஆகவே எதிர்பார்ப்புப் பண மதிப்பை மட்டும் வைத்துப் பார்த்தால் இவ்விரண்டும் சமம் என்றே நான் சொல்வேன். வங்கி வைப்பு மட்டும் தெளிவாகப் பின்தங்குகிறது: p மூன்றில் ஒன்றுக்குக் கீழே இறங்கினால்தான் முதல் வழி அதனிடம் தோற்கும், இரண்டாவது எந்த p-யிலும் தோற்காது.

சமமான இரண்டில் எது என்பதைச் சராசரி சொல்லாது; கிளை நுனிகளைப் பார்க்க வேண்டும். முதல் வழியின் நுனிகளில் நிகரமாக 50 லட்சம் லாபம் அல்லது 25 லட்சம் நட்டம் இருக்கிறது. இரண்டாவதன் நுனிகளில் 33 அல்லது 2, இரண்டுமே லாபம். சராசரி என்பது இதே போன்ற முடிவைப் பலமுறை எடுப்பவருக்குப் பொருந்தும் அளவுகோல். பத்துக் கூடங்களில் பணம் போட்டிருக்கும் முதலீட்டாளரை ஒரு கூடத்தின் 25 லட்ச நட்டம் அசைக்காது. நம் உரிமையாளருக்கு இருப்பது ஒரே கூடம். அந்த நட்டம் அவர் சேமிப்பில் பாதிக்கு மேல். அவர் இடத்தில் நான் இருந்தால் தயங்காமல் இரண்டாவதையே எடுப்பேன்.

அந்தத் தேர்வுக்கும் ஓர் எல்லை உண்டு. முதல் ஆண்டின் ஆர்டர் நிலவரம் அடுத்த ஆண்டுகளுக்கும் அப்படியே தொடரும் என்று இந்த மரம் கருதிக்கொள்கிறது. முதல் ஆண்டு நன்றாக ஓடிப் பிறகு மந்தமாகும் வாய்ப்பு இருந்தால், விரிவாக்கக் கிளையின் நுனியில் 75-ஐ எழுதாமல் அங்கே இன்னொரு வட்டம் வரைய வேண்டும். அதன் சராசரி 65-க்குக் கீழே இறங்கினால் விரிவாக்கக் கிளைதான் வெட்டப்படும், காத்திருக்கும் உரிமைக்கும் மதிப்பு இராது.

ஓராண்டு காத்திருப்பதற்கு மாற்றாக, இப்போதே சந்தை ஆய்வு ஒன்றுக்குப் பணம் கொடுக்கலாமா என்று கேட்பவர்களும் உண்டு. எதிர்காலத்தைப் பிழையின்றிச் சொல்லும் ஆய்வு கிடைத்தால், ஆர்டர் மிகும் என்னும்போது முதல் வழியில் 50, மந்தம் என்னும்போது இரண்டாவதில் 2 என்று எடுக்கலாம், சராசரி 30.8. ஆகவே எந்த ஆய்வுக்கும் 30.8 − 20.6 = 10.2 லட்சத்துக்கு மேல் கொடுக்கக் கூடாது. எந்த நிலவரத்திலும் பத்தில் எட்டு முறை சரியாகச் சொல்லும் ஆய்வென்றால், பேயீஸ் விதிப்படி நிகழ்தகவுகளைத் திருத்திக் கணக்கிடும்போது சராசரி 26.6 ஆகிறது, ஆய்வின் மதிப்பு 6 லட்சமாகச் சுருங்குகிறது. பத்தில் ஐந்து முறை மட்டுமே சரியாகச் சொல்லும் ஆய்வுக்கு ஒரு ரூபாயும் தர வேண்டியதில்லை. அது என்ன சொன்னாலும் உரிமையாளரின் 0.6 அப்படியே 0.6-ஆகத்தான் இருக்கும்.