சராசரி விலை: ஒரே வரியா, நடப்பு மீதியா?

மட்டக்களப்பில் இருந்துகொண்டு கொழும்புப் பங்குச்சந்தையில் வாங்கி விற்பவர்கள் எக்செல்லில் கணக்கு வைக்க இரண்டு வழி உண்டு. ஒன்று, பங்குக்கு ஒரே வரி: வாங்கிய மொத்தப் பணத்தை வாங்கிய மொத்த எண்ணிக்கையால் வகுப்பது. மற்றது, நடப்பு மீதி: ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலுக்கும் ஒரு வரி எழுதி மீதியைக் கொண்டுபோவது.

40 ரூபாவுக்கு 100, 50 ரூபாவுக்கு 100 வாங்கினால் சராசரி 45. அதில் 80ஐ 60க்கு விற்றால் கைக்கு வந்த லாபம் 1,200. இதுவரை இரண்டும் ஒரே விடைதான். பிறகு 60க்கு இன்னும் 80 வாங்குங்கள். ஒரு வரிக் கணக்கு 49.29 என்று காட்டும். விற்று முடிந்த 80இன் லாபத்தையும் 857க்கு இறக்கிவிடும். முடிந்துபோன லாபம் புதிதாக வாங்கியதால் மாறவே கூடாது. பிழையைக் கண்டுபிடிக்க அதுவே அடையாளம்.

நடப்பு மீதியில் விற்பனைக்குப் பின் 120 பங்கு, 5,400 ரூபா. புதியது 4,800 சேர, 200க்கு 10,200, சராசரி 51. சந்தை விலை 55 என்றால் கையில் உள்ளதன் லாபம் 800.

நடப்பு மீதிக்கு எக்செல்லில் நிரல்கள்: B எண்ணிக்கை (விற்றால் மைனஸ்), C விலை, D மீதி, E மீதிச் செலவு, F லாபம். வாங்கிய இரண்டும் 2ஆம், 3ஆம் வரிகளில் இருந்தால், விற்ற 4ஆம் வரியில்:

```
E4: =E3+B4*E3/D3
F4: =-B4*(C4-E3/D3)
```

தரகுக் கட்டணத்தைப் பங்குக்கு எவ்வளவு என்று பிரித்து, வாங்கும்போது விலையோடு கூட்டுங்கள், விற்கும்போது கழியுங்கள். விற்காமலே வைத்திருப்பவருக்கு ஒரு வரி போதும்.