பக் ரிப்போர்ட் பண்ண ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதுமா, ஸ்டெப்ஸும் வேணுமா?

லாகின் பேஜ்ல "Invalid number"னு வருது, ஸ்கிரீன்ஷாட் மட்டும் அனுப்பினா டெவலப்பர் அதுல பாக்குறது சரியான 10 இலக்க நம்பர்தான், அவரு கையால டைப் பண்ணிப் பாப்பாரு, வேலை செய்யும், "எனக்கு வரலையே"னு டிக்கெட்டை மூடிடுவாரு.

இதையே ஸ்டெப்ஸா எழுதுங்க: மெசேஜ்ல இருந்து நம்பரை காப்பி பண்ணேன், பேஸ்ட் பண்ணேன், சப்மிட் அழுத்தினேன். எதிர்பார்த்தது ஓடிபி, வந்தது எரர். கையால அடிச்சா எரர் வரல, பேஸ்ட் பண்ணா மட்டும் வருது.

அந்தக் கடைசி வரிதாங்க உயிர். காப்பி பண்ணும்போது நம்பருக்குப் பின்னாடி ஒரு ஸ்பேஸும் ஒட்டிக்கிட்டு வந்து 11 எழுத்தாயிடுச்சு, படத்துல அது தெரியவே தெரியாது. இதைப் படிச்ச டெவலப்பர், ஓரத்துல இருக்குற ஸ்பேஸை வெட்டுற `trim()` போட்டா முடிஞ்சது.

பட்டன் எழுத்து மேல ஏறி நிக்குற மாதிரி பிரச்சனைன்னா ஸ்கிரீன்ஷாட்தான் பெஸ்ட், ஆனா அதுலயும் போன் மாடலையும் ஆப் வெர்ஷனையும் எழுதிடுங்க.