மைனஸ் 40 அட்டை தொங்கும் பூட்ஸ்: டொராண்டோவுக்குப் புதிதாக வருகிறவர்கள் படித்துவிட்டு வாங்குங்கள்

நவம்பர் கடைசியில் ஸ்கார்பரோவில் ஒரு மால் கடையில் குளிர்கால பூட்ஸ் வாங்கினேன். கடையின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. ஏமாற்றும் விதம் ஒரு கடைக்கு மட்டும் சொந்தமில்லை என்பதால் அதை மட்டும் விவரமாகச் சொல்கிறேன். அட்டையில் மூன்று விஷயங்கள் பெரிதாக அச்சிட்டிருந்தன: மைனஸ் 40 டிகிரிக்குச் சோதிக்கப்பட்டது, 400 கிராம் இன்சுலேஷன், எல்லா வகைப் பனியிலும் பிடிப்பு. 260 டாலரை அடித்துவிட்டு 139.99 என்று போட்டிருந்தார்கள். விற்ற பையன் நம்ம ஊர்க்காரன்தான். "அண்ணா, கண்ணை மூடிட்டு எடுங்க. மைனஸ் நாப்பதே தாங்கும், டொராண்டோ எல்லாம் இதுக்கு ஒண்ணுமே இல்ல" என்றான். வரியோடு 158 டாலர். ரசீதின் அடியில் பொடி எழுத்தில் 'ஃபைனல் சேல்'.

ஜனவரியில் ஒரு நாள் பஸ் வரத் தாமதமானது. வெளியே மைனஸ் 14, பெரிய காற்றும் இல்லை. நல்ல கம்பளி சாக்ஸ்தான் போட்டிருந்தேன். முதலில் உள்ளங்கால் சில்லிட்டது, அப்புறம் விரல்கள், பஸ் வந்தபோது கட்டைவிரல் இருக்கிற உணர்வே இல்லை. அடுத்த வாரம் மழை பெய்து இரவில் உறைந்துவிட்டது. காலையில் நடைபாதையிலிருந்து சாலைக்கு இறங்கும் சரிவில் கால் வைத்தேன், அவ்வளவுதான். கையை ஊன்றி விழுந்ததில் மணிக்கட்டு பிசகி, கட்டுப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன்.

கடைக்குப் போய் "எந்த ஆய்வகத்தில் சோதித்தீர்கள், தாளைக் காட்டுங்கள்" என்று கேட்டேன். மேலாளர் "அது கம்பெனி ரேட்டிங்" என்றார். கம்பெனி யார் என்றால் அட்டையில் இருப்பது அந்தக் கடையின் சொந்த பிராண்ட். ஃபைனல் சேல், திரும்ப எடுக்க மாட்டோம் என்று முடித்துவிட்டார்.

சரி, பிரித்தே பார்த்துவிடுவோம் என்று சப்வே நிலையத்தில் இருக்கும் ஷூ ரிப்பேர் கடைக்கு ஒரு கால் பூட்ஸை மட்டும் எடுத்துக்கொண்டு போனேன். அந்தப் பெரியவர் முதலில் உள்ளே போட்டிருந்த இன்சோலை உருவினார். காகிதத்தைவிடக் கொஞ்சம் தடிமனான ஸ்பான்ஞ்சு, அதன் மேல் கம்பளி மாதிரி தெரிகிற துணி. அதன் கீழே அழுத்திய அட்டை. அட்டையை நெம்பினால் அடிப்பாகம் முழுக்க தேன்கூடு மாதிரி காலிக் குழிகள். எடையும் செலவும் குறைய இப்படி வார்ப்பது வழக்கம்தான் என்றார். ஆனால் அந்தக் குழிகளுக்கும் பாதத்துக்கும் நடுவே குளிரைத் தடுக்கிற மாதிரி ஒன்றுமே இல்லை. அப்புறம் பக்கத்தைக் கிழித்தார். கணுக்காலுக்கு மேலே, கடையில் நாம் கையை விட்டு அழுத்திப் பார்க்கிற இடத்தில், பஞ்சு தாராளமாக இருந்தது. விரல் பகுதியில் ஒரு மெல்லிய படலம். 400 கிராம் எல்லாம் மேலேயே குடியேறிவிட்டது.

இந்த 'கிராம்' கணக்கிலேயே புதியவர்கள் குழம்புகிறார்கள். பூட்ஸுக்குள் 400 கிராம் பஞ்சு இருக்கிறது என்று அர்த்தமில்லை. அந்தப் பஞ்சை ஒரு சதுர மீட்டருக்கு விரித்தால் 400 கிராம் எடை இருக்கும் என்பதுதான் அது. எவ்வளவு அடர்த்தி என்று சொல்லுமே தவிர, பூட்ஸில் எந்த இடத்தில் வைத்திருக்கிறார்கள் என்று சொல்லாது. காலைச் சூடாக வைப்பது பஞ்சு இல்லை, அதற்குள் அடைபட்டிருக்கும் காற்று. நம் எடை முழுவதும் விழும் உள்ளங்காலில் பஞ்சை வைத்தாலும் அது நசுங்கிக் காற்றை இழந்துவிடும். அதனால்தான் ஒழுங்கான குளிர்கால பூட்ஸில் அடியில் தடித்த ஃபெல்ட்டோ, எளிதில் நசுங்காத நுரையோ தனியாகப் போடுவார்கள். பூட்ஸ் இறுக்கமாக இருந்தாலும் இதே கதைதான். குளிருக்குப் பயந்து இரண்டு சாக்ஸ் போட்டு அடைத்துக்கொண்டால் காற்றுக்கும் இடமில்லை, ரத்த ஓட்டத்துக்கும் இடமில்லை, இன்னும் சீக்கிரம் விறைக்கும். கம்பளி சாக்ஸ் ஒன்றைப் போட்டபின் விரல்களைத் தாராளமாக ஆட்ட முடிகிற அளவை எடுங்கள்.

மைனஸ் 40 என்பது என்ன? சாதாரண பூட்ஸுக்கு வெப்பநிலை எண் போட எல்லாக் கம்பெனிகளும் கட்டாயம் பின்பற்ற வேண்டிய பொது விதி எதுவும் இல்லை. சிலர் சூடேற்றிய செயற்கைப் பாதத்தை வைத்து அளக்கிறார்கள், சிலர் ஆட்களைக் குளிர் அறையில் நடக்கவைத்துப் பார்க்கிறார்கள், சிலர் மனதில் தோன்றியதைப் போடுகிறார்கள். நேர்மையாக அளந்த எண்கூடப் பெரும்பாலும் நடந்துகொண்டே இருக்கும் ஆளை வைத்துச் சொல்வதுதான். நடக்கும்போது கால் தானாகவே சூடு உண்டாக்கும். பஸ்ஸுக்கு நிற்பவருக்கு அந்த எண் பொருந்தாது. ஆகவே ஒரு கம்பெனியின் மைனஸ் 40-ஐ இன்னொரு கம்பெனியின் மைனஸ் 25-உடன் ஒப்பிடவே முடியாது. ஒரே கம்பெனியின் இரண்டு மாடல்களை ஒப்பிடலாம், அவ்வளவுதான்.

இதற்கு நேர்மாறாக, வேலைக்கான பாதுகாப்பு பூட்ஸில் `CI` என்ற குறியைப் பார்க்கலாம். ஐரோப்பியத் தரத்தில் அதற்கு ஒரு திட்டமான சோதனை உண்டு: மைனஸ் 17 டிகிரியில் 30 நிமிடம் வைத்தால் பூட்ஸின் உள்ளே வெப்பநிலை 10 டிகிரிக்கு மேல் இறங்கக் கூடாது. முறையாக அளந்தால் கிடைக்கும் வாக்குறுதி இவ்வளவு அடக்கமாக இருக்கிறது. இதைத் தெரிந்துகொண்டபின் மால் அட்டையின் மைனஸ் 40-ஐப் பார்த்தால் சிரிப்புத்தான் வருகிறது.

அதோடு, டொராண்டோவுக்கு அந்த எண்ணே தேவையில்லை. இங்கே ஜனவரியின் சராசரி மைனஸ் 4 அளவில்தான். வின்னிபெக் என்றால் மைனஸ் 16 பக்கம், அங்கே போகிறவர்கள் கதகதப்பை முதலில் பார்க்கட்டும். டொராண்டோவில் வெப்பநிலை பூஜ்யத்தைச் சுற்றியே மேலும் கீழும் ஆடும். பகலில் உருகி, இரவில் உறைந்து, காலையில் மேலே மெல்லிசாக நீர் படிந்த ஐஸ். நம்மை ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது குளிரைவிட இந்த ஐஸ்தான்.

என் கையில் கட்டைப் பார்த்துவிட்டு, எதிர்வீட்டு யாழ்ப்பாணத்து அண்ணை சொன்னது இது: "தம்பி, உந்த நம்பரை விடுங்கோ. அடியைத் திருப்பி நகத்தால அமத்திப் பாருங்கோ." பழைய தன் பூட்ஸைக் காட்டினார். நகம் பதிந்து மெல்ல மீண்டது. என்னுடையதில் நகம் 'டக்'கென்று வழுக்கியது. குளிரில் கெட்டியாகிவிடும் பிளாஸ்டிக் அடி அது. ஐஸின் மேல் இருக்கும் நீர்ப்படலத்தில் கெட்டியான பொருள் சறுக்கும். மெத்தென்ற ரப்பர் ஐஸின் மேடுபள்ளத்தோடு ஒட்டி நிற்கும். என் பூட்ஸின் அடியில் டிராக்டர் சக்கரம் மாதிரி ஆழமான கட்டைகள் இருந்தன, பார்த்தால் பயங்கரப் பிடிப்பு இருக்கும் போலத் தோன்றும். அவை புதுப் பனியில் புதைந்து பிடிக்கும். ஐஸில் புதைவதற்கு ஒன்றுமில்லையே. அடியின் மொத்தப் பரப்பில் கொஞ்சம்தான் தரையைத் தொடும்.

இந்தப் பிடிப்பை உண்மையிலேயே அளக்கும் இடம் டொராண்டோவிலேயே இருக்கிறது, எனக்கு விழுந்தபின்தான் தெரிய வந்தது. டொராண்டோ மறுவாழ்வு மருத்துவ நிறுவனத்தின் கைட் ஆராய்ச்சி மையத்தில் சாய்க்கக்கூடிய ஒரு குளிர் அறை உண்டு. தரை நிஜ ஐஸ். விழாமல் தாங்கும் கவசப் பட்டையைக் கட்டிக்கொண்டு ஆட்கள் பூட்ஸோடு ஏறி இறங்குவார்கள், அறையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ப்பார்கள். வறண்ட ஐஸ், நீர் படிந்த ஐஸ் இரண்டிலும் பார்ப்பார்கள். மதிப்பெண்ணைப் பனிப்பூக்களாகத் தருவார்கள்: 7 டிகிரி சரிவைச் சமாளித்தால் ஒரு பனிப்பூ, 11-க்கு இரண்டு, 15-க்கு மூன்று. 7 என்ற எண்ணுக்குக் காரணம், ஒன்டாரியோவின் நடைபாதைச் சரிவுகள். நான் விழுந்த மாதிரி இடங்கள்தான். 2016-இல் முதல் முடிவுகளை வெளியிட்டபோது, சோதித்த 98 வகைகளில் ஏறக்குறைய பத்தில் ஒன்பதுக்கு ஒரு பனிப்பூகூடக் கிடைக்கவில்லை. பெரிய விலைக்கு விற்பவையும் அதில் உண்டு. முடிவுகள் ratemytreads.com தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மாடல் பெயரைப் போட்டுத் தேடலாம்.

நன்றாகத் தேறுபவற்றின் அடியைப் பார்த்தால் பெரும்பாலும் ரப்பருக்குள் கண்ணாடி இழையோ கரகரவென்ற கடின துகள்களோ கலந்திருக்கும், தடவினால் உப்புத்தாள் மாதிரி உரசும். ஆனால் ஒன்று: மதிப்பெண் புது பூட்ஸுக்கு. உப்புத் தூவிய கான்கிரீட்டில் தினமும் நடந்தால் அந்தக் கரகரப்பு தேயும், பிடிப்பும் அதோடு போகும். தடவிப் பார்த்து மழுங்கிவிட்டது என்றால் மேலே பூட்ஸ் புதுசாகவே இருந்தாலும் ஐஸ் நாளுக்கு அதை நம்பாதீர்கள். அந்த நாளில் பூட்ஸுக்கு மேலே மாட்டும் ஆணிப்பட்டை கைகொடுக்கும். கடைக்குள்ளோ ஸ்டேஷனுக்குள்ளோ நுழைந்ததும் கழற்றிவிடுங்கள், டைல்ஸில் அது ஐஸைவிட மோசம்.

பணம்? ஒன்டாரியோவில் மனம் மாறியதற்காகப் பொருளைத் திரும்ப எடுக்க எந்தச் சட்டமும் கடையைக் கட்டாயப்படுத்தாது. ஆனால் பொருளுக்கு இல்லாத தரத்தையோ திறனையோ இருப்பதாகச் சொல்லி விற்றால் அது வேறு கணக்கு. 2002-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி அது முறைகேடான வணிகம். வாங்கிய ஓராண்டுக்குள் ஒப்பந்தத்தை ரத்து செய்வதாக அறிவிக்கலாம், ரசீதில் என்ன பொடி எழுத்து இருந்தாலும் சரி. ஒரு பொருளின் செயல்திறன் பற்றிய கூற்றுக்கு முறையான சோதனை இருந்தாக வேண்டும் என்று கனடாவின் போட்டிச் சட்டமும் சொல்கிறது. நான் அட்டை, ரசீது, கிழித்த பூட்ஸின் படங்கள் மூன்றையும் சேர்த்து, சட்டத்தின் பெயரைக் குறிப்பிட்டு, பதிவுத் தபாலில் அனுப்பினேன். சில நாளில் மேலாளரே போன் செய்து, கடையில் 158 டாலருக்கு வேறு பொருள் எடுத்துக்கொள்ளச் சொன்னார். பணமாக வேண்டும் என்றேன். இன்னும் வரவில்லை, மாகாண நுகர்வோர் பாதுகாப்பு அலுவலகத்தில் புகார் எழுதியிருக்கிறேன், கிரெடிட் கார்டு வங்கியிலும் தகராறு பதிந்திருக்கிறேன்.

இதெல்லாம் செய்ய முடிந்ததற்குக் காரணம் அட்டையை நான் குப்பையில் போடாமல் வைத்திருந்ததுதான். பூட்ஸ் வாங்கிய அன்றே அட்டையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். விற்பவர் வாயால் சொல்வதையும், முடிந்தால் ரசீதின் பின்னால் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் அங்கேயே தெரிந்துவிடும்.