ஹாஃப்ஸ்டீடா, குளோபா, மேயரா? ஏற்காடு–ஹாம்பர்க் காப்பி அணிக்கு எந்த அளவுகோல் உதவும்

ஏழு பேர் கொண்ட ஓர் அணியை எடுத்துக்கொள்வோம். இரண்டு பேர் ஏற்காட்டில் தோட்டம் தோட்டமாகப் போய்க் காப்பி வாங்குகிறார்கள். மூன்று பேர் சேலம் கிடங்கில் இருக்கிறார்கள். தரத்தையும் கப்பல் பதிவையும் பார்க்கும் இரண்டு பேர் ஹாம்பர்க்கில். டிசம்பரில் சேர்வராயன் மலையில் பனிமூட்டம் இறங்கினால் களத்தில் பார்ச்மென்ட், அதாவது மேலோடு நீங்காத காப்பிக் கொட்டை, சரியாகக் காயாது. செவ்வாய்க்கிழமை கிடங்கில் ஒரு லாட்டை அளந்த இளைஞருக்கு மீட்டர் 12.6 சதவீத ஈரப்பதம் காட்டுகிறது. அணி தனக்குள் வைத்திருக்கும் வரம்போ 11.5.

புதன்கிழமை சேலத்தில் மதியம் 2 மணி, ஹாம்பர்க்கில் காலை 9.30. "வெள்ளிக்கிழமை லாட் தயாரா?" என்று அங்கிருந்து கேட்கிறார்கள். சேலத்து மூத்தவர் "ஆயிடும்" என்கிறார். அளந்தவர் அதே மேசையில்தான் உட்கார்ந்திருக்கிறார், ஆனால் வாய் திறக்கவில்லை. திங்கட்கிழமை உண்மை தெரியவரும்போது கப்பல் இடம் போய்விட்டது. மூத்தவருக்குச் செவ்வாய் அளவே தெரியாது என்பதும் அப்போதுதான் வெளிவருகிறது.

இதைக் கலாச்சாரத்தின் கோளாறு என்று சொல்லிவிடுவது சுலபம். எந்தக் கலாச்சார அளவுகோலை வைத்துப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து மருந்தும் மாறுகிறது. சந்தையில் அதிகம் புழங்குபவை மூன்று. டச்சு உளவியலாளர் கேர்ட் ஹாஃப்ஸ்டீடின் எண்கள், குளோப் என்று அழைக்கப்படும் பன்னாட்டு ஆய்வு, மேலாண்மைப் பேராசிரியர் எரின் மேயரின் எட்டு அளவைகள்.

ஹாஃப்ஸ்டீட் 1967 முதல் 1973 வரை ஐபிஎம் ஊழியர்களிடம் எடுத்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வினாத்தாள்களிலிருந்து தம் எண்களை உருவாக்கினார். மேலே இருப்பவருக்கும் கீழே இருப்பவருக்கும் இடையிலான அதிகார இடைவெளிக்கு அவர் பயன்படுத்தியவை மூன்று கேள்விகள்தான். மேலாளரோடு உடன்படாதபோது ஊழியர்கள் அதைச் சொல்ல எவ்வளவு பயப்படுகிறார்கள்? உங்கள் மேலாளர் எப்படி முடிவெடுக்கிறார்? எப்படி முடிவெடுத்தால் உங்களுக்குப் பிடிக்கும்? இந்த மூன்றிலிருந்து வந்த எண் இந்தியாவுக்கு 77, ஜெர்மனிக்கு 35. புதன்கிழமை மேசையில் நடந்தது முதல் கேள்வியிலேயே இருக்கிறது. இவ்வளவு பெரிய இடைவெளியைப் பார்க்கும் ஹாம்பர்க்காரர், "இந்தியாவில் மேலே இருப்பவரிடம் மட்டும் பேசு, கீழே இருப்பவரைக் கேட்காதே" என்ற முடிவுக்கு வருவார். அப்படிப் பலர் வருகிறார்கள். அந்த முடிவுதான் தவறு என்பதைக் குளோப் காட்டுகிறது.

ராபர்ட் ஹவுஸ் தலைமையில் நடந்த குளோப் ஆய்வின் முதல் பெரிய தொகுப்பு 2004-ல் வந்தது. 62 சமூகங்களில் சுமார் 17,300 இடைநிலை மேலாளர்களிடம் ஒரே விஷயத்தை இரண்டு விதமாகக் கேட்டார்கள்: உங்கள் சமூகத்தில் இது எப்படி இருக்கிறது, எப்படி இருக்க வேண்டும்? விடைகள் 1 முதல் 7 வரை. ஜெர்மனியின் எண்கள் முன்னாள் மேற்குப் பகுதிக்கு உரியவை. ஹாம்பர்க் அதில்தான் அடங்கும்.

| | இந்தியா | ஜெர்மனி |
|---|---|---|
| அதிகார இடைவெளி, இருப்பது | 5.47 | 5.25 |
| அதிகார இடைவெளி, வேண்டுவது | 2.64 | 2.54 |
| நிச்சயமின்மை தவிர்ப்பு, இருப்பது | 4.15 | 5.22 |
| நிச்சயமின்மை தவிர்ப்பு, வேண்டுவது | 4.73 | 3.32 |

முதல் இரண்டு வரிகளில் 77-க்கும் 35-க்கும் இருந்த அந்தப் பள்ளத்தாக்கு காணாமல் போய்விடுகிறது. இரு நாட்டு மேலாளர்களும் தங்கள் சமூகத்தில் அதிகார இடைவெளி அதிகம் என்கிறார்கள், அது பாதியாகக் குறைய வேண்டும் என்கிறார்கள். ஹாஃப்ஸ்டீட் பொய்யா என்றால், இல்லை. அவர் கேட்டது ஒரே நிறுவனத்தின் ஊழியர்களை, அவர்களுடைய சொந்த மேலாளரைப் பற்றி. குளோப் கேட்டது மேலாளர்களை, நாட்டைப் பற்றி. பயத்தைக் கீழிருந்து அளந்தால் ஓர் எண், ஏணியின் உயரத்தை நடுவிலிருந்து அளந்தால் வேறோர் எண்.

அணித் தலைவருக்கு இதில் பயன்படுவது இரண்டாம் வரி. சேலத்து இளைஞர் பேசாமல் இருந்தது, பேசக்கூடாது என்று நம்பியதால் என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. பேசினால் மூத்தவரை எல்லார் முன்னாலும் மறுத்ததாக ஆகிவிடும் என்பதால். தடை விருப்பத்தில் இல்லை, பாதையில் இருக்கிறது. பாதையை மாற்ற முடியும்.

நிச்சயமின்மை தவிர்ப்பு என்பது விதி, ஒழுங்கு, எழுதிவைத்த முறை ஆகியவற்றின் மேல் ஒரு சமூகம் எவ்வளவு சாய்கிறது என்பதைச் சொல்வது. ஹாஃப்ஸ்டீடில் இந்தியா 40, ஜெர்மனி 65. இதை மட்டும் படித்தவர் "சேலத்தில் விதிகளைத் திணிக்காதே, வளைந்து கொடு" என்பார். குளோப்பின் மூன்றாம் வரி அதை ஆமோதிக்கிறது, நான்காம் வரி கவிழ்த்துவிடுகிறது. இந்திய மேலாளர்கள் இருப்பதைவிட அதிக ஒழுங்கைக் கேட்கிறார்கள், ஜெர்மானியர்கள் இருப்பதைவிடக் குறைவாகக் கேட்கிறார்கள். ஆகவே "11.5-ஐத் தாண்டினால் என்ன செய்வது" என்று ஒரே ஒரு பக்கம் எழுதித் தந்தால் சேலம் அணி அதைச் சுமையாகப் பார்க்க வாய்ப்புக் குறைவு. ஒருவரையும் மறுக்காமல் உண்மையைச் சொல்ல அந்தப் பக்கம் ஒரு கைத்தடி: "நான் சொல்லல சார், தாள் சொல்லுது."

ஓர் எச்சரிக்கை. குளோப்பின் ஒன்பது பரிமாணங்களில் ஏழில் 'இருப்பது' ஏற ஏற 'வேண்டுவது' இறங்குகிறது. ஒருவர் நிறையப் பெற்றதைக் குறைவாகக் கேட்பதுதான் இதற்குக் காரணமா, கேள்வியின் அமைப்பே அப்படி விடை வரச் செய்ததா என்று ஆய்வாளர்கள் நெடுநாள் வாதிட்டார்கள். அதனால் 'வேண்டுவது' எண்ணை ஓர் ஊகமாக வைத்துக்கொண்டு, அணியிலேயே சோதித்துப் பார்ப்பதுதான் நியாயம்.

மேயரின் எட்டு அளவைகள் வேறு வகை. நாட்டுக்கு எண் தராமல், ஒரு கோட்டில் நாடுகள் ஒன்றுக்கொன்று எங்கே நிற்கின்றன என்று காட்டுபவை. ஆய்வுத் தரத்தில் மற்ற இரண்டுக்கும் கீழே வைக்கிறேன். ஆனால் திங்கட்கிழமைக் காலையில் கைகொடுப்பது இதுதான், ஏனென்றால் இது வாய்ச்சொல்லுக்குள் இறங்குகிறது. எதிர்மறைக் கருத்தைச் சொல்லும் அளவையில் ஜெர்மனி நேரடிப் பக்கம், இந்தியா மறைமுகப் பக்கம். ஹாம்பர்க் மடலில் "இது முற்றிலும் ஏற்க முடியாதது" என்று வரும், உரிமையாளருக்கும் அதன் நகல் போகும். எழுதியவருக்கு அது காப்பியைப் பற்றிய வாக்கியம். படித்தவருக்கு அது தன்னைப் பற்றியது. மறுபக்கம், சேலத்து "கொஞ்சம் ஈரம் இருக்குங்க" ஹாம்பர்க் காதில் சின்ன விஷயமாக விழும், உள்ளே 12.6 இருந்தாலும். 'சரி' என்ற சொல்லும் அப்படித்தான். நம் வாயில் அது பல நேரம் "காதில் விழுந்தது" என்று மட்டுமே பொருள்படும், அங்கே அது ஒப்பந்தம்.

மேயர் தலைமையையும் முடிவெடுப்பையும் இரண்டு தனிக் கோடுகளாகப் பிரித்திருப்பதும் பயனுள்ளது. ஜப்பானிய வாடிக்கையாளர் உள்ளே வந்தால் இது புரியும்: ஹாஃப்ஸ்டீடின் அதிகார இடைவெளியில் அவர்கள் 54, இந்தியாவைவிடத் தாழ்வு. ஆனால் ஏணி வலுவாக இருந்தும் முடிவு கீழிருந்து ஒருமித்து வருவதால், பெரியவரிடம் 'சரி' வாங்கிவிட்டோம் என்று கப்பல் பதிவு செய்ய முடியாது.

இனி, மூன்றையும் சேர்த்து அந்தப் புதன்கிழமையை மாற்றிப் பார்ப்போம். அளப்பவரே, அளந்த ஒரு மணி நேரத்துக்குள், லாட் எண்ணோடு அளவைப் பகிர்வுத் தாளில் எழுதுகிறார். மூத்தவர் வழியாக அல்ல. வெயில் களத்திலிருந்து வந்த சூடான கொட்டையில் மீட்டர் தவறாகக் காட்டக்கூடும் என்பதால், ஆறவைத்து மூன்று முறை அளந்த சராசரி. 11.5-க்கு மேல் போனால் லாட் தானாகவே நிறுத்தம், மறுபடி களத்துக்கு. விடுவிக்கும் உரிமை மூத்தவருக்கு, காரணத்தை ஒரு வரி எழுதினால். கூட்டத்தில் ஹாம்பர்க் "தயாரா?" என்று கேட்பதில்லை, தாளைத் திறந்து "எந்த லாட் இன்று வரம்பைத் தாண்டியிருக்கிறது?" என்று கேட்கிறது, முதலில் அளந்தவரிடம். கொட்டையைப் பற்றிய எண் எல்லார் முன்னாலும், ஆளைப் பற்றிய குறை தனிப் பேச்சில் மட்டும்.

இதில் கெட்டுப்போகும் இடம் ஒன்று உண்டு. ஹாம்பர்க் இந்த ஏற்பாட்டை நேராக இளைஞரிடம் சொன்னால், மூத்தவர் தன்னைத் தாண்டிப் போகிறார்கள் என்று எடுத்துக்கொள்வார். தாளில் எண்கள் வரும், ஆனால் எல்லாம் 11.4, 11.3 என்று வரம்புக்குச் சற்றுக் கீழேயே நிற்கும். அப்படி ஒரு கொத்தைப் பார்த்தால் காப்பி நன்றாகக் காய்ந்திருக்கிறது என்று மகிழக்கூடாது. யாரோ எண்ணைத் திருத்துகிறார்கள். ஏற்பாட்டை அறிவிக்க வேண்டியவர் மூத்தவரே. அதிகார இடைவெளி பெரிதாக உள்ள இடத்தில் அவர் வாயால் வந்த விதி ஒரே நாளில் வழக்கமாகிவிடும். இடைவெளியை எதிர்த்து நிற்பதைவிட அதைப் பிடித்து ஏறுவது எளிது.

இதெல்லாம் கலாச்சாரம்தானா என்று சோதிக்க ஒரு வழி உண்டு. அடுத்த பத்து லாட்டுகளில் ஒவ்வொரு மோசமான அளவும் எத்தனை மணி நேரம் கழித்து ஹாம்பர்க்கை எட்டியது என்று குறியுங்கள். மூத்தவர் கூட்டத்தில் இருந்த நாள்களையும் இல்லாத நாள்களையும் தனித்தனியாகப் பிரியுங்கள். அவர் இல்லாத நாள்களில் மட்டும் செய்தி வேகமாகப் போனால் அது அதிகார இடைவெளி. இரண்டிலும் ஒரே தாமதம் என்றால், மலையில் சிக்னல் இல்லை, மீட்டர் ஒன்றே ஒன்று, லாரி இரவில் வருகிறது என்பது போன்ற காரணங்களைத் தேடுங்கள். எல்லாவற்றையும் கலாச்சாரத்தின் தலையில் போடும் மேலாளர் மீட்டர் வாங்க மறந்துவிடுவார்.

கடைசியாக, எண்களின் எல்லை. ஹாஃப்ஸ்டீடே தம் எண்களைத் தனி மனிதர்மேல் ஒட்டக் கூடாது என்று சொன்னார். வாஸ் தாராஸும் சக ஆய்வாளர்களும் 2016-ல் காட்டியது, பணி சார்ந்த விழுமியங்களின் வேறுபாட்டில் சுமார் 80 சதவீதம் நாடுகளுக்கு உள்ளேயே இருக்கிறது என்று. சேர்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடிக் குடும்பத்திலிருந்து வந்து களத்தில் வேலை செய்பவரையும், சேலம் பட்டணத்தில் வணிகக் குடும்பத்தில் வளர்ந்த கணக்காளரையும் ஒரே 77 விவரிக்காது. அணியின் ஏழு பேரிடமும் ஹாஃப்ஸ்டீடின் முதல் கேள்வியையே, பெயர் எழுதாமல், ஊரை மட்டும் குறித்து, பயத்தை 1 முதல் 5 வரை மதிப்பிடச் சொல்லுங்கள். ஏழு விடைகளுக்கு சராசரி எடுக்க வேண்டாம், விரிந்திருப்பதை மட்டும் பாருங்கள். சேலத்து மூன்று விடைகளில் ஒன்று மட்டும் 5, மற்றவை 2 என்றால், சரிசெய்ய வேண்டியது நாட்டை அல்ல, ஒரு மேசையில் இருக்கும் இரண்டு நாற்காலிகளுக்கு இடையில் உள்ளதை.