புரோஸ்டேட் வீக்கமும் தூக்க மாத்திரையும்: எது நீரை அடைக்கும், எது அடைக்காது

புரோஸ்டேட் பெருத்த ஆண்களில் பலர் ராத்திரி தூங்காமல் கிடப்பதற்குக் காரணமே அந்தப் புரோஸ்டேட்தான். மூன்று தடவை நீர் கழிக்க எழுந்தால் யாருக்குத்தான் தூக்கம் நிற்கும்? அவர் அதைத் தூக்கப் பிரச்சினை என்று எடுத்துக்கொண்டு, சீட்டில்லாமல் கிடைக்கும் தூக்க மாத்திரை ஒன்றைப் போடுகிறார். அதற்குள் இருப்பது பெரும்பாலும் பழைய தலைமுறை அலர்ஜி மருந்து, அதாவது டைஃபென்ஹைட்ரமின் அல்லது டாக்சிலமைன். மறுநாள் காலையில் நீர் வரவே மாட்டேன் என்கிறது.

இந்த இரண்டும் மூளையில் ஹிஸ்டமினைத் தடுப்பதால்தான் தூக்கம் வருகிறது. அதோடு நின்றிருந்தால் வம்பில்லை. இவை அசிட்டைல்கோலின் என்ற நரம்புச் செய்தியையும் சேர்த்துத் தடுக்கின்றன. சிறுநீர்ப்பையின் தசை சுருங்கி நீரை வெளியே தள்ளுவது அந்தச் செய்தியை வைத்துத்தான். இளைஞனுக்கு இது பெரிதாகத் தெரியாது, வழி திறந்திருப்பதால் பை கொஞ்சம் சோம்பினாலும் நீர் போய்விடும். பெருத்த புரோஸ்டேட் சிறுநீர்க் குழாயை நெரித்துக்கொண்டிருப்பவருக்கு நிலைமை வேறு. அவருடைய பை பல வருடமாகக் கூடுதல் பலம் போட்டுத் தள்ளித்தான் சமாளித்து வருகிறது, மாத்திரை அந்தக் கூடுதல் பலத்தைப் பிடுங்கிவிடுகிறது.

டைஃபென்ஹைட்ரமினா டாக்சிலமைனா என்று கேட்டால், இந்த விஷயத்தில் இரண்டும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்தான். தூக்கத்துக்கு முதலாவதை 50 மி.கி. வரையும், இரண்டாவதை 25 மி.கி. அளவிலும் போடுகிறார்கள். எண் சிறியது என்பதால் டாக்சிலமைன் மென்மையானது என்று நினைத்துவிடக் கூடாது. இரண்டுமே வயதானவர் உடலில் நெடுநேரம் தங்கும். டைஃபென்ஹைட்ரமினை எடுத்துக்கொண்டால், இளவயதுக்காரருக்கு அது பாதியாகக் குறைய சுமார் 9 மணி நேரம், முதியவருக்கு 13 மணி நேரத்துக்கும் மேல். ஆக இன்று ராத்திரி பத்து மணிக்குப் போட்டது நாளை ராத்திரி பத்து மணிக்கும் கால் பங்குக்கு மேல் உள்ளே இருக்கும், அதன் தலைமேல் அடுத்த மாத்திரை விழும். முதல் நாள் ஒன்றும் ஆகாமல் மூன்றாம் நாள் அடைத்துக்கொள்வதற்கு இந்தச் சேர்மானமும் ஒரு காரணம். இன்னொரு வேடிக்கை, தினமும் போட்டால் சில நாட்களிலேயே தூக்கம் தரும் வேகம் மங்கிவிடும். அந்தப் பலனுக்கா இத்தனை வம்பு!

ஜலதோஷ மாத்திரை இதைவிட மோசம் என்பேன். அதில் குளோர்ஃபெனிரமின் இருக்கும், தூக்கம் குறைவு, ஆனால் பையைத் தளர்த்தும் குணம் அதற்கும் உண்டு. கூடவே மூக்கடைப்புக்காக ஃபினைலெஃப்ரின் அல்லது சூடோஎஃபெட்ரின் சேர்த்திருப்பார்கள். இவை பையின் கழுத்தையும் புரோஸ்டேட்டுக்குள் இருக்கும் தசையையும் இறுக்கக்கூடியவை. ஒரு மருந்து தள்ளும் கையைக் கட்டுகிறது, இன்னொன்று கதவைச் சாத்துகிறது.

ஒரு கற்பனைக் கேஸைப் பார்ப்போம். வயது 71, புரோஸ்டேட் பெரியது, நீர் கழித்த பிறகும் பையில் 100 மி.லி. மிச்சம் நிற்கும், மருந்து இல்லாமலே ஓட்டிக்கொண்டிருக்கிறார். சளி பிடித்ததால் பகலில் இரண்டு ஜலதோஷ மாத்திரை, ராத்திரி டைஃபென்ஹைட்ரமின் 50 மி.கி. முதல் நாள் தாரை மெலிந்தது, கண்டுகொள்ளவில்லை. இரண்டாம் நாள் ஆரம்பிக்கவே சில நிமிடம் நிற்க வேண்டியிருந்தது. மூன்றாம் நாள் காலையில் சொட்டு சொட்டாகத்தான் வந்தது. ‘வரத்தான் செய்கிறதே, தண்ணீர் குறைவு போல’ என்று நினைத்து இரண்டு லிட்டர் குடித்தார். இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். பை முட்ட நிரம்பி வழிவதைத்தான் அவர் நீர் போவதாக நினைத்தார். மதியத்துக்குள் தொப்புளுக்குக் கீழே வயிறு கல் மாதிரி, வலி தாங்க முடியவில்லை. குழாய் போட்டபோது 900 மி.லி. வெளியேறியது. பொதுவாக ஒரு பையின் கொள்ளளவு 400, 500 மி.லி. தான். அப்புறம் இரண்டு மாத்திரையையும் நிறுத்தி, புரோஸ்டேட் தசையைத் தளர்த்தும் டாம்சுலோசின் மாத்திரையைத் தொடங்கி, இரண்டு மூன்று நாள் கழித்துக் குழாயை எடுத்துப் பார்ப்பார்கள். அடைப்பைத் தூண்டியது மருந்துதான் என்றால் பெரும்பாலும் நீர் திரும்பப் போகும். ஆனால் அடைத்துக்கொண்ட நேரத்தில் மாத்திரையை நிறுத்திவிட்டு வீட்டில் காத்திருப்பது தப்பு. வயிறு முட்டியும் நீர் போகவில்லை என்றால் உடனே மருத்துவமனைதான்.

சரி, மாற்று என்ன? அலர்ஜிக்காகத்தான் மாத்திரை என்றால் விடை சுலபம். ஃபெக்ஸோஃபெனடினும் லோராடடினும் பையை ஏறக்குறைய தொடுவதே இல்லை. செட்டிரிசின் அடுத்த படி, சிலருக்கு லேசாகத் தூக்கம் வரும், நீர் அடைப்பு அரிது. ஆனால் அது சிறுநீரகம் வழியாக வெளியேறுவது, நெடுநாள் அடைப்பால் சிறுநீரகம் களைத்திருந்தால் அளவைக் குறைக்க வேண்டும். இந்த மூன்றையும் தூக்கத்துக்காகப் போடுவதில் அர்த்தமில்லை.

தூக்கத்துக்குத்தான் வேண்டும் என்றால் மெலட்டோனின் பையைத் தளர்த்தாது, பலனும் மிதமானதுதான். மனச்சோர்வு மருந்தான அமிட்ரிப்டிலின் குறைந்த அளவில் போதுமே என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள், அசிட்டைல்கோலினைத் தடுப்பதில் அதுவும் கெட்டிக்காரன். சோல்பிடெம் பையை விட்டுவிடும், ஆனால் இருட்டில் எழுந்து நடக்கும்போது விழவைக்கும். என் கணக்கில் முதல் தேர்வு இந்த வரிசையிலேயே இல்லை. எழுப்புவது நீர் என்றால் புரோஸ்டேட்டுக்குத்தான் மருந்து. சாயங்காலத்துக்குப் பிறகு நீர் ஆகாரத்தைக் குறைத்து, டாம்சுலோசின் ஒத்துவருமா என்று மருத்துவரிடம் கேட்டு, இரண்டு வாரம் பார்க்கலாம். மூன்று தடவை எழுவது ஒன்றாகக் குறைந்தால் தூக்க மாத்திரையின் பேச்சே எழாமல் போகலாம்.

கண் பக்கம் வருவோம். பழைய தலைமுறை அலர்ஜி மருந்து உள்ள மாத்திரை டப்பாவில் ‘கிளாக்கோமா உள்ளவர்கள் தவிர்க்கவும்’ என்று பொத்தாம்பொதுவாகப் போட்டிருப்பார்கள், கண் அழுத்த நோயான கிளாக்கோமாவில் எந்த வகை என்று சொல்லியிருக்காது. பயப்பட வேண்டியது, கண்ணுக்குள் நீர் வடியும் இடம் இடுக்காக இருக்கும் குறுகிய கோண வகைக்கு. இதே மருந்து கண்மணியை விரிக்கும், கருவிழிக்குப் பின்னால் நீர் தேங்கும், வடிகால் கோணம் அடைபடும், 20 மி.மீ. பாதரச அளவுக்குள் இருக்க வேண்டிய கண் அழுத்தம் சில மணி நேரத்தில் 50 வரை ஏறலாம். கண் சிவந்து வலிக்கும், விளக்கைச் சுற்றி வண்ண வளையம் தெரியும், தலைவலியோடு வாந்தியும் வருவதால் வயிற்றுக் கோளாறு என்று நினைத்துவிடுவார்கள். அதுவும் அவசரம்தான். திறந்த கோண வகைக்காரர் சொட்டு மருந்தில் இருந்தால் இந்த ஆபத்து மிகக் குறைவு. லேசரால் கருவிழியில் துளை போட்டுக்கொண்டவருக்கும் பெருமளவு குறைந்துவிடும். சிக்கல் என்னவென்றால், கோணம் குறுகியவர்களில் பலருக்கு அது தெரியாது. கண் மருத்துவரிடம் ‘என் கோணம் திறந்ததா, குறுகியதா’ என்று ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும், லென்ஸ் வைத்துப் பார்த்துச் சொல்லிவிடுவார்.

டாம்சுலோசின் எடுப்பவர் கண்புரை அறுவைக்குப் போகிறார் என்றால் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். அந்த மருந்து கருவிழியைத் தொளதொளவென்று ஆக்கிவிடும், எப்போதோ நிறுத்தியிருந்தாலும் அந்தத் தளர்ச்சி இருக்கக்கூடும்.